திரையின் முதுகில் எழுதியிருப்பது

மடிக்கணினியின் திரை உடைந்து கடைக்குப் போனால், அங்கே கேட்கும் முதல் கேள்வி "என்ன மாடல்?" என்பதுதான். நாமும் கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துச் சொல்கிறோம். புதுத் திரை வாங்க அந்தப் பெயர் மட்டும் போதாது. மடிக்கணினி விற்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை திரையைத் தாங்களே செய்வதில்லை. எல்ஜி டிஸ்ப்ளே, ஏயூஓ, பிஓஇ, இன்னோலக்ஸ் போன்ற பேனல் தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கிப் பொருத்துகின்றன. ஒரே மாடலுக்கு ஒரே காலத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களின் பேனல்களை வாங்குவது வழக்கம். அதே மாடல் குறைந்த விலையில் 1366×768 திரையுடனும், சற்றுக் கூடுதல் விலையில் 1920×1080 திரையுடனும் விற்பனைக்கு வரும். ஆகவே உங்கள் கணினியின் உள்ளே எந்தத் திரை இருக்கிறது என்பதை அதன் பெயர் சொல்லாது. அதைச் சொல்வது திரையின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு லேபிள்.

அந்த லேபிளைப் பார்க்கத் திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பி எடுத்து, பேனலைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி, பேனலை விசைப்பலகைமேல் மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். அதற்கு முன்பு மின்கம்பியைப் பிடுங்கி, பேட்டரியின் இணைப்பையும் துண்டித்துவிட வேண்டும். பின்விளக்குக்கான மின்சாரம், பேனலை மதர்போர்டோடு இணைக்கும் கேபிள் வழியாகத்தான் போகிறது. மின்சாரம் இருக்கும்போது கேபிளை இழுத்தால் மதர்போர்டில் இருக்கும் சிறு ஃபியூஸ் போய்விடக்கூடும். அப்படிப் போய்விட்டால் புதுத் திரை போட்ட பிறகும் இருட்டாகவே இருக்கும். குற்றம் சுமத்தப்படுவது புதுத் திரையின் மேல்.

லேபிளில் பல எண்கள் இருக்கும். பார்கோடுக்குக் கீழே உள்ள நீளமான எண் அந்த ஒரு பேனலுக்கு மட்டுமான வரிசை எண். அது நமக்குத் தேவையில்லை. மடிக்கணினி நிறுவனம் தனக்காகக் கொடுத்த உதிரிபாக எண்ணும் இருக்கலாம். அந்த நிறுவனத்திடமே ஆர்டர் செய்தால் அது உதவும். வெளிக்கடைக்குத் தேவையானது பேனல் தயாரித்த நிறுவனத்தின் மாடல் எண். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதனோடே போவோம். ஏறத்தாழ 2012ஆம் ஆண்டு காலத்து 15.6 அங்குல மடிக்கணினி ஒன்றின் பேனலைக் கவிழ்த்தால் லேபிளில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
LP156WH3 (TL)(S1)
```

இதைக் கடைக்காரர்கள் LP156WH3-TLS1 என்று எழுதுவார்கள். LP என்பது எல்ஜியின் மடிக்கணினிப் பேனல். 156 என்பது 15.6 அங்குலம். WH என்பது 1366×768 ரெசல்யூஷன். இதே இடத்தில் WF என்று இருந்தால் 1920×1080. 3 என்பது அந்த வரிசையில் ஒரு வடிவமைப்பு. இதுவரை படித்துவிட்டுப் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். கேட்கும்போதும் "எல்பி 156 டபிள்யூஎச் 3" என்றே கேட்கிறார்கள். ஆனால் பணம் வீணாவதும் வீணாகாததும் இதற்கு அடுத்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. ஏனென்றால் LP156WH3-TPS1 என்றும் ஒரு பேனல் உண்டு. அளவு, ரெசல்யூஷன், மெல்லிய உடல் எல்லாம் ஒன்றுதான். L இருந்த இடத்தில் P இருக்கிறது, அவ்வளவே. அந்த ஓர் எழுத்தால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடவே முடியாது.

காரணத்தைப் புரிந்துகொள்ள, படம் மதர்போர்டிலிருந்து திரைக்கு எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

L என்பது எல்விடிஎஸ். பழைய முறை இது. ஒரு செய்தியை ஒரு கம்பியில் அனுப்பாமல், இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிரான சமிக்ஞைகளாக அனுப்புவார்கள். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பார்கள். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஒன்றுபோலத் தாக்குவதால், வித்தியாசம் மாறுவதில்லை. 1366×768 திரைக்கு இப்படி மூன்று ஜோடிகள் படத்துக்கும், ஒரு ஜோடி தாளத்துக்கும் போகின்றன. தாளம் ஒரு முறை அடிக்கும்போது ஒவ்வொரு ஜோடியும் 7 பிட்டுகளை அனுப்புகிறது. மூன்று ஜோடிகளுக்கு 21 பிட்டுகள்: சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 6 வீதம் 18, மிச்சம் 3 பிட்டுகள் வரி எங்கே தொடங்குகிறது, சட்டகம் எங்கே முடிகிறது என்பதைச் சொல்ல. ஒரு தாளத்துக்கு ஒரு பிக்சல் என்று சீராகப் போகிறது. அழகான கணக்கு. ஆனால் பிக்சல்கள் பெருகப் பெருக ஜோடிகளையும் பெருக்க வேண்டும் என்பதால், 1920×1080 வந்ததும் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி, ஒற்றைப்படைப் பிக்சல்களை ஒரு தொகுதியிலும் இரட்டைப்படைப் பிக்சல்களை இன்னொரு தொகுதியிலும் அனுப்ப வேண்டியதாயிற்று.

P என்பது இடிபி. வெசா என்னும் தரநிர்ணய அமைப்பு 2008இல் வெளியிட்ட முறை. இதில் தாளத்துக்குத் தனி ஜோடி இல்லை. தாளம் செய்திக்குள்ளேயே பொதிந்து போகிறது. படம் பொட்டலங்களாக, 'லேன்' எனப்படும் ஒன்று, இரண்டு அல்லது நான்கு ஜோடிகளில் போகும். கூடவே ஆக்ஸ் என்று இருபுறமும் பேசக்கூடிய மெதுவான ஜோடி ஒன்று உண்டு. கணினியை இயக்கியதும் மதர்போர்டும் திரையும் அந்த ஆக்ஸ் வழியே எத்தனை லேன், எவ்வளவு வேகம் என்று பேசி உடன்பட்ட பிறகுதான் படம் தொடங்குகிறது. எல்விடிஎஸ் திரைக்கு இந்தப் பேச்சு தெரியாது. இடிபி திரைக்கு அந்தத் தனி ஜோடித் தாளம் புரியாது. இரண்டுக்கும் நடுவே மென்பொருளால் செய்யக்கூடிய சமரசம் எதுவும் இல்லை.

கடைகளில் இதைப் பின் எண்ணிக்கையால் குறிப்பிடுவார்கள். சென்னை ரிச்சி தெருவில் "தேர்ட்டி பின்னா, ஃபார்ட்டி பின்னா?" என்று கேட்டால், கேட்பவருக்கு வேலை தெரியும் என்று அர்த்தம். எல்இடி பின்விளக்கு உள்ள 15.6 அங்குலத் திரைகளில் எல்விடிஎஸ் என்றால் 40 பின், சாதாரண இடிபி என்றால் 30 பின். கனெக்டர்களின் அகலமே வேறு என்பதால் மாற்றிச் செருக முடியாது. நம் TLS1, TPS1 குழப்பம் இங்கேயே பிடிபட்டுவிடும். திரை வீணாகாது, அலைச்சல்தான் வீண்.

ஆபத்தானது வேறொன்று. 40 பின் என்பது எல்விடிஎஸ் மட்டுமல்ல. இடிபியிலும் 40 பின் உண்டு: தொடுதிரை பேனலோடு சேர்ந்தே இருக்கும் வகைகள், 4கே திரைகள், நொடிக்கு 120 அல்லது 144 முறை புதுப்பிக்கும் விளையாட்டுக் கணினித் திரைகள். இவற்றில் பலவும் எல்விடிஎஸ் பேனலில் இருக்கும் அதே கனெக்டரையே வைத்திருக்கின்றன. பின்னுக்குப் பின் அரை மில்லிமீட்டர் இடைவெளி, அதே அகலம், அதே வாய். செருகினால் சிரமமே இல்லாமல் உட்கார்ந்துகொள்ளும்.

உட்கார்ந்த பிறகு என்ன நடக்கும்? வழக்கமான பின் ஒழுங்கை வைத்துப் பாருங்கள். எல்விடிஎஸ் கேபிளில் 2ஆவது, 3ஆவது பின்கள் திரைக்கு 3.3 வோல்ட் கொண்டுவருகின்றன. இடிபி பேனலில் 2ஆவது பின் தரை. 3ஆவது, படம் வரும் ஒரு லேன். ஆக, 3.3 வோல்ட் நேராகத் தரையோடு மோதுகிறது. மறுகோடியில் இன்னும் மோசம். எல்விடிஎஸ் கேபிளின் 36ஆவது பின் "விளக்கைப் போடு" என்று மதர்போர்டு சொல்லும் மெல்லிய கட்டளைக் கம்பி. இடிபி பேனலில் 36 முதல் 39 வரை பின்விளக்குக்கான மின்சாரம். நான்கும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. எல்விடிஎஸ் கேபிளின் 38, 39 வழியே வரும் 12 முதல் 19 வோல்ட் வரையிலான மின்சாரம், பேனலுக்குள் சுற்றி, 36 வழியாக மதர்போர்டின் கட்டளைக் கால் மீது திரும்பிப் பாயும். 3.3 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்ட சில்லு அதைத் தாங்காது. திரை போவதோடு மதர்போர்டும் போகலாம். அதனால்தான் "பொருத்திப் பார்ப்போம், வரவில்லையென்றால் மாற்றிக்கொள்வோம்" என்ற பேச்சை 40 பின் விஷயத்தில் நான் ஏற்கவே மாட்டேன். 40 பின் என்று தெரிந்ததும் எல்விடிஎஸ்ஸா இடிபியா என்பதை மாடல் எண்ணால் உறுதிசெய்யாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

எல்ஜியில் அந்த அடையாளம் L, P. இன்னோலக்ஸ் கோடுக்குப் பின்னால் எழுதுகிறது: N156BGE-L41 எல்விடிஎஸ், N156BGE-E41 இடிபி. ஏயூஓ, பிஓஇ எண்களில் இதுபோல வெளிப்படையான எழுத்து இல்லை. ஏயூஓவின் B156XTN அல்லது B156HAN என்பதில் X என்றால் 1366×768, H என்றால் 1920×1080. அடுத்த எழுத்து T என்றால் டிஎன் வகை, A என்றால் பக்கவாட்டிலிருந்தும் நிறம் மாறாமல் தெரியும் வகை. ஆனால் கனெக்டர் எது என்பது புள்ளி வைத்து வரும் கடைசி எண்களைப் பொறுத்தது. அந்த முழு எண்ணின் தரவுத்தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே எந்த நிறுவனமானாலும் கடைசி எழுத்துவரை எழுதிக்கொள்ளுங்கள்; கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. கேபிளைக் கழற்றிய பிறகு பேனலின் கனெக்டரும் அதே படத்தில் வருமாறு எடுங்கள்.

இனி ரெசல்யூஷன். திரை மாற்றும்போது பலருக்கும் ஓர் ஆசை வரும்: எப்படியும் காசு செலவாகிறது, 1366×768க்குப் பதிலாக 1920×1080 போட்டுவிடலாமே என்று. இரண்டும் 15.6 அங்குலம், இரண்டும் இடிபி, இரண்டும் 30 பின். கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும். எதுவும் எரியாது. ஆனாலும் படம் வராமல் போகலாம். இதற்கான விடை ஒரு சின்னப் பெருக்கலில் இருக்கிறது.

1366×768 திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. வரிகளுக்கிடையே விடும் ஓய்வு நேரத்தையும் சேர்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 7.5 கோடி பிக்சல்கள் போக வேண்டும். பிக்சலுக்கு 18 பிட் என்றால் நொடிக்கு 135 கோடி பிட். இடிபியின் ஒரு லேன், அந்தக் காலக் கணினிகளில் பரவலாக இருந்த வேகத்தில், நொடிக்கு 270 கோடி பிட் அனுப்பும். ஆனால் ஒவ்வொரு 8 பிட் செய்தியும் 10 பிட்டாக மாற்றப்பட்டே போகிறது. செய்திக்குள் தாளத்தைப் பொதிப்பதற்குக் கொடுக்கும் விலை இது. ஆகவே கையில் மிஞ்சுவது ஐந்தில் நான்கு பங்கு, 216 கோடி. 135 அதற்குள் தாராளமாக அடங்குகிறது. ஒரு லேன் போதும்.

1920×1080க்கு நொடிக்கு ஏறத்தாழ 14 கோடி பிக்சல்கள். அதே 18 பிட் என்றாலும் 252 கோடி. 24 பிட் நிறம் என்றால் 336 கோடி. ஒரு லேனின் 216 கோடிக்குள் இது அடங்காது. இரண்டு லேன் வேண்டும்; அப்போது 432 கோடி கிடைக்கிறது.

இங்கேதான் கேபிள் குறுக்கே வருகிறது. குறைந்த ரெசல்யூஷன் திரையோடு விற்ற சில கணினிகளில், கேபிளில் ஒரு லேனுக்கு மட்டுமே கம்பி ஓட்டியிருப்பார்கள். தேவைப்படாத செம்புக்கு எதற்குச் செலவு என்பது அவர்கள் கணக்கு. கனெக்டரில் முப்பது இடங்களும் இருக்கும்; சில இடங்களில் கம்பி இருக்காது. 30 பின் இடிபியின் வழக்கமான ஒழுங்கில் 6, 7 ஆகியவை முதல் லேன். 3, 4 இரண்டாவது லேன். கேபிள் முனையில் ஒட்டியிருக்கும் நாடாவை மெல்ல விலக்கி உருப்பெருக்கியில் பார்த்தால், 3, 4இல் கம்பி சேர்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால், புதிய திரையில் பின்விளக்கு மட்டும் எரியும், படம் வராது, அல்லது மினுங்கும். வாங்கியவர் திரை பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போவார். உண்மையில் திரை நன்றாகவே இருக்கும். பின்னாளில் வந்த இரட்டை வேக இடிபியில் ஒரு லேனே போதும்தான். ஆனால் மதர்போர்டு, கேபிள், திரை மூன்றும் அந்த வேகத்தை ஏற்க வேண்டும். ஆகவே ரெசல்யூஷனை உயர்த்த விரும்பினால், திரையின் விலையோடு அந்த மாடலின் இரண்டு லேன் கேபிளின் விலையையும் சேர்த்துப் பாருங்கள். அதே மாடல் 1920×1080இல் விற்பனைக்கு வந்திருந்தால் அந்தக் கேபிள் கிடைக்கும். வராத மாடல் என்றால் நான் முயலவே சொல்ல மாட்டேன். பழைய ரெசல்யூஷனிலேயே வாங்குவதுதான் நல்லது. நம் எடுத்துக்காட்டான எல்விடிஎஸ் கணினியில் இந்தக் கேள்வி வேறு மாதிரி: இரட்டைத் தொகுதிக் கம்பிகளும், அவற்றை ஓட்டும் மதர்போர்டும் வேண்டும்.

லேபிளைப் பார்க்கக் கணினியைத் திறக்கத் தயங்குபவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பேனலின் மின்சுற்றிலும் 128 பைட் அளவுள்ள ஓர் அடையாளக் குறிப்பு பதிந்திருக்கிறது. இடிஐடி என்று பெயர். கணினி இயங்கும்போது அதைப் படித்துத்தான் திரையின் ரெசல்யூஷனைத் தெரிந்துகொள்கிறது. கண்ணாடி நொறுங்கினாலும் பல நேரங்களில் அந்த மின்சுற்று உயிரோடு இருக்கும். வெளித்திரை ஒன்றைச் செருகிக்கொண்டு, லினக்ஸில் இப்படிக் கேட்கலாம்:

```
ls /sys/class/drm/
edid-decode /sys/class/drm/card0-LVDS-1/edid
```

முதல் வரியின் விடையிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. உள்திரையின் பெயர் `card0-LVDS-1` என்று வந்தால் எல்விடிஎஸ், `card0-eDP-1` என்று வந்தால் இடிபி. சில கணினிகளில் `card0` என்பது `card1` ஆக இருக்கும்; வந்ததை அப்படியே இரண்டாவது வரியில் எழுதுங்கள். அதன் விடையில் தயாரிப்பாளருக்கான மூன்றெழுத்து வரும்: LGD என்றால் எல்ஜி டிஸ்ப்ளே, AUO, BOE வெளிப்படை, CMN என்றால் இன்னோலக்ஸ். கீழே மாடல் எண்ணும் பெரும்பாலும் எழுத்தாகவே இருக்கும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து

```
Get-CimInstance -Namespace root\wmi -ClassName WmiMonitorID
```

என்று கொடுத்தால் `DISPLAY\LGD` என்பதுபோலத் தொடங்கும் பெயரும் அதையடுத்து நான்கு குறிகளும் கிடைக்கும். அந்த ஏழு குறிகளை வைத்துப் பேனலைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். வெளித்திரையின் பெயரும் அதே பட்டியலில் வரும் என்பதால் மூன்றெழுத்தைக் கவனித்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இடிஐடி சொல்லாத ஒன்று உண்டு: பேனலின் உடல். சில பேனல்களுக்கு மேலும் கீழும் திருகுத் துளையுள்ள உலோகக் காதுகள் இருக்கும். சிலவற்றுக்குப் பக்கவாட்டில் இருக்கும். புதியவற்றில் பலவற்றுக்குக் காதே கிடையாது, ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருக்கும். 15.6 அங்குலத்திலேயே ஏறத்தாழ 359.5 மில்லிமீட்டர் அகலமுள்ள உடலும், விளிம்பு குறைந்த 350 மில்லிமீட்டர் உடலும் இருக்கின்றன. ஒளிரும் பகுதி ஒன்றுதான் என்பதால் விளம்பரத்தில் இரண்டும் 15.6 என்றே இருக்கும். ஆகவே கடைசியில் எப்படியும் சட்டத்தைக் கழற்றி, அளவுகோல் வைத்து, காதுகள் எங்கே, கனெக்டர் எந்த மூலையில் என்று பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது நம் LP156WH3-TLS1க்குத் திரும்புவோம். கடைக்காரரிடம் அதே எண் இல்லை, N156BGE-L41 இருக்கிறது என்கிறார். வேறு நிறுவனம் என்பதற்காக வேண்டாம் எனச் சொல்லத் தேவையில்லை. L இருப்பதால் எல்விடிஎஸ்; கனெக்டர் 40 பின்; ரெசல்யூஷன் 1366×768; இதுவும் மெல்லிய வகை. கையில் உள்ள படத்தோடு காதுகளையும் கனெக்டர் இருக்கும் மூலையையும் ஒப்பிட்டு, ஒத்துப்போனால் வாங்கலாம். இன்னொருவர் "அதே எல்பி 156 டபிள்யூஎச் 3தான்" என்று TPS1ஐ நீட்டினால், எண்ணில் பெரும்பகுதி ஒத்திருந்தும் அது உங்கள் திரை அல்ல. மூன்றாவதாக ஒருவர் பெட்டியின் மேல் "15.6 ஸ்லிம் 40 பின்" என்று மட்டும் எழுதியதைக் காட்டுகிறார். பெட்டியைத் திறந்து பேனலைத் திருப்பச் சொல்லுங்கள். அதன் முதுகில் உள்ள லேபிளையும் உங்கள் கைபேசிப் படத்தையும் அருகருகே வைத்து, அடைப்புக்குறிக்குள் உள்ள எழுத்துவரை படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். லேபிள் கிழிக்கப்பட்டோ, அதன் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டோ இருந்தால் அந்த 40 பின் பேனலை உங்கள் மதர்போர்டில் செருக வேண்டாம்.